தலைப்பு வரியில் விளக்கு வைத்தால் கேள்விக்குறி தெரிவது ஏன்?

தீபாவளி விருந்துக்கு அழைப்பு அனுப்பும் சங்கச் செயலாளர், மின்னஞ்சலின் தலைப்பு வரியில் ஓர் அகல்விளக்குச் சின்னத்தையும் சேர்த்து "🪔 தீபாவளி" என்று எழுதுகிறார் என வைத்துக்கொள்வோம். உறுப்பினர்களில் பெரும்பாலோர் அதைக் கைப்பேசியில் பார்க்கிறார்கள். விளக்கும் தெரிகிறது, தமிழும் தெரிகிறது. பல ஆண்டுகளாக அலுவலகக் கணினியில் ஒரே மின்னஞ்சல் மென்பொருளை வைத்திருக்கும் பொருளாளருக்கு மட்டும் அந்த வரி இப்படி வருகிறது:

```
?? ???????
```

மின்னஞ்சலைத் திறந்தால் உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது. தமிழ் எழுத்துகள் ஒழுங்காக உள்ளன, விளக்குகூட தெரியலாம். தலைப்பு மட்டும்தான் இப்படி. உடனே யாராவது "தமிழ் எழுத்துரு இல்லை, அதை ஏற்றுங்கள்" என்று ஆலோசனை சொல்வார். ஏற்றினாலும் ஒன்றும் மாறாது. எழுத்துரு இல்லாவிட்டால் கேள்விக்குறி வராது, காலிக் கட்டம்தான் வரும். இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்துவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

கட்டம் தெரிந்தால், எழுத்து கணினியில் பத்திரமாக இருக்கிறது என்று பொருள். அதை வரைந்து காட்டும் எழுத்துருதான் இல்லை. அகல்விளக்குச் சின்னம் யூனிகோடில் சேர்ந்ததே 2019ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு வந்த எழுத்துருக்களுக்கு அப்படி ஒரு சின்னம் இருப்பதே தெரியாது. எனவே விண்டோஸ் 7 கணினியில் அது கட்டமாகத் தெரிந்தால் வியப்பில்லை. அதே மின்னஞ்சலைக் கைப்பேசிக்கு அனுப்பிப் பார்த்தால் விளக்கு எரியும். கேள்விக்குறியின் கதை அப்படியன்று. எங்கோ ஒரு கட்டத்தில் மென்பொருள் அந்த எழுத்தைத் தன் பழைய எழுத்துப் பட்டியலில் தேடிப் பார்த்து, காணாமல், அதன் இடத்தில் சாதாரண விசைப்பலகைக் கேள்விக்குறியை எழுதிவைத்துவிட்டது. அந்த இடத்தில் இப்போது இருப்பது உண்மையாகவே ஒரு கேள்விக்குறிதான். எந்த எழுத்துருவாலும் அதை மீண்டும் விளக்காக மாற்ற முடியாது.

தலைப்பு எப்படிப் பயணம் செய்கிறது?

மின்னஞ்சலின் தலைப்பகுதிக்கான விதிகள் 1982ஆம் ஆண்டில் ஆர்எஃப்சி 822 என்ற ஆவணத்தில் வகுக்கப்பட்டபோது, ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றைக் கொண்ட 128 குறிகள் மட்டுமே கணக்கில் இருந்தன. ஆஸ்கி என்று அழைக்கப்படும் பட்டியல் அது. தமிழுக்கோ சீனத்துக்கோ அதில் இடமில்லை. 1996இல் வந்த ஆர்எஃப்சி 2047 அந்த விதியை உடைக்காமல் ஒரு மாற்று வழியைச் சொன்னது. வேறு எழுத்துகளை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்ப வேண்டும், பெறுபவரின் மென்பொருள் அதை அவிழ்த்துக் காட்ட வேண்டும் என்பதே அந்த வழி. நம் செயலாளரின் தலைப்பு இணையத்தில் பயணம் செய்யும்போது அதன் உண்மையான வடிவம் இது:

```
Subject: =?UTF-8?B?8J+qlCDgrqTgr4Dgrqrgrr7grrXgrrPgrr8=?=
```

இதிலும் கேள்விக்குறிகள் இருக்கின்றன. ஆனால் இவை நல்ல கேள்விக்குறிகள். பொட்டலத்தின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் முடிச்சுகள் இவை. முதல் இரு முடிச்சுகளுக்கு நடுவில் உள்ள சொல் எந்தக் குறியேற்றம் என்பதைச் சொல்கிறது. அடுத்துள்ள B என்ற எழுத்து, பேஸ்64 முறையில் கட்டப்பட்டிருப்பதைச் சொல்கிறது. அதன் பிறகு வருவதே சரக்கு. தலைப்பு வரியில் இந்த முழு வரியே பச்சையாகத் தெரிந்தால், உங்கள் மென்பொருள் பொட்டலத்தை அவிழ்க்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம். பார்க்க அச்சமாக இருந்தாலும் ஓர் எழுத்துகூட தொலையவில்லை.

இன்னொரு வகையும் உண்டு. விளக்குக்குப் பதிலாக `ðŸª”` என்றும், தமிழுக்குப் பதிலாக `à®¤à¯€` என்பது போலவும் வரிசை வரிசையாக ஐரோப்பிய எழுத்துகள் தெரியும். இங்கே பொட்டலம் அவிழ்ந்தது, ஆனால் உள்ளே இருந்த யூடிஎஃப்-8 எழுத்துகளை மேற்கு ஐரோப்பியப் பட்டியலின்படி தவறாகப் படித்துவிட்டார்கள். யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட்டுகள் கொண்டது. முதல் இரண்டு பைட்டுகளை இப்படித் தவறாகப் படித்தால் `à®` அல்லது `à¯` என்று வரும். அதனால் `à®` திரும்பத் திரும்ப வந்தால், அது தமிழாக இருந்த ஒன்று என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். இதையும் பெரும்பாலும் மீட்டுவிட முடியும்.

ஆக, கட்டமும் முடிச்சும் ஐரோப்பியக் குழப்பமும் காட்சிப் பிழைகள். கேள்விக்குறி மட்டுமே இழப்பு.

கேள்விக்குறிகளை எண்ணிப் பாருங்கள்

பொருளாளரின் திரையில் தெரிந்த வரியில் முதலில் இரண்டு கேள்விக்குறி, ஓர் இடைவெளி, பிறகு ஏழு கேள்விக்குறி. இடைவெளி அப்படியே தப்பித்துவிட்டது, ஏனெனில் அது ஆஸ்கி பட்டியலில் இருக்கிறது. ஆனால் ஒரே ஒரு விளக்குக்கு ஏன் இரண்டு கேள்விக்குறி? "தீபாவளி" என்பது தீ, பா, வ, ளி என நான்கு எழுத்துதானே, ஏழு எங்கிருந்து வந்தது?

நாம் உயிர்மெய்யை ஓர் எழுத்தாக எண்ணுகிறோம். தொல்காப்பியம் தொடங்கி நமக்கு அதுதான் கணக்கு. யூனிகோட் அப்படி எண்ணுவதில்லை. "தீ" என்பது அதற்கு த என்ற ஒரு குறியும் ஈகாரத் துணைக்குறியும் சேர்ந்தது. "பா" என்பது ப என்பதும் காலும். வ மட்டும் தனிக்குறி. "ளி" மீண்டும் இரண்டு. இரண்டு, இரண்டு, ஒன்று, இரண்டு என்று கூட்டினால் ஏழு வருகிறது. விளக்கின் கதை சற்று வேறு. விண்டோஸ் உள்ளுக்குள் எழுத்துகளை 16 பிட் அறைகளில் வைக்கிறது. ஓர் அறையில் 65,536 எண்களுக்கு மேல் குறிக்க முடியாது. விளக்கின் யூனிகோட் எண்ணான `U+1FA94` அந்த எல்லையைத் தாண்டியது என்பதால் அது இரண்டு அறைகளைப் பிடித்துக்கொள்கிறது. பழைய பட்டியலுக்கு மாற்றும்போது அறைக்கு ஒரு கேள்விக்குறி விழுகிறது.

இந்தக் கணக்கு வெறும் வேடிக்கைக்காக அன்று. சிங்கப்பூர்க் கொடியையோ மலேசியக் கொடியையோ தலைப்பில் வைத்தால் நான்கு கேள்விக்குறி வரும். கொடி என்பது இரண்டு எழுத்துச் சின்னங்களின் சேர்க்கை, ஒவ்வொன்றும் இரண்டு அறை. பச்சைப் பெட்டியில் உள்ள ✅ சின்னத்துக்கு ஒன்றுதான். உங்களுக்கு வந்த தலைப்பில் கேள்விக்குறிகளின் எண்ணிக்கை இந்தக் கணக்கோடு பொருந்தினால், எழுத்துகள் தொலைந்தது பழைய எழுத்துப் பட்டியலுக்கு மாற்றும் இடத்தில்தான் என்று பெரும்பாலும் உறுதியாகச் சொல்லலாம். இடையே ஒரு செய்தி. கொடிக்குப் பதிலாக SG என்றோ MY என்றோ இரண்டு எழுத்து மட்டும் தெரிந்தால் அது பழுதன்று. விண்டோஸின் சொந்த இமோஜி எழுத்துருவில் நாட்டுக் கொடிகள் இல்லை.

குற்றவாளி பெரும்பாலும் ஒரு கோப்பு

இப்போது முதன்மையான கேள்வி. உள்ளடக்கம் சரியாக இருக்கும்போது தலைப்பு மட்டும் ஏன் கெடுகிறது? நம் அலுவலகங்களிலும் சங்கங்களிலும் அடிக்கடி காணப்படும் ஒரு சூழலை மட்டும் எடுத்துக்கொள்வோம். அது அவுட்லுக்.

அவுட்லுக் தன் மின்னஞ்சல்களை `.pst` என்று முடியும் கோப்பில் சேமிக்கிறது. அவுட்லுக் 97 முதல் 2002 வரை அந்தக் கோப்பின் வடிவம் ஒன்று. அவுட்லுக் 2003 புதிய வடிவம் ஒன்றைக் கொண்டுவந்தது. பழைய வடிவத்தில் தலைப்பு, அனுப்பியவர் பெயர், தொடர்புப் பட்டியலில் உள்ள பெயர்கள் போன்றவை கணினியின் பழைய எழுத்துப் பட்டியலில்தான் எழுதப்படுகின்றன. ஆங்கில விண்டோஸில் அது மேற்கு ஐரோப்பியப் பட்டியல். சீனம், ஜப்பானியம், அரபு, தாய்லாந்து மொழிகளுக்கு அத்தகைய பட்டியல்கள் விண்டோஸில் உண்டு. தமிழுக்கு அப்படி ஒன்று கிடையாது. விண்டோஸில் தமிழ் யூனிகோட் வழியாக மட்டுமே நுழைந்தது. அதனால் சீன நண்பரின் கணினியில் சீனத் தலைப்பு தெளிவாகத் தெரிய, அவருக்கு வந்த தமிழ்த் தலைப்பு கேள்விக்குறியாக நிற்கும். தமிழர்களுக்கு இந்தத் தொல்லை கூடுதலாக இருப்பதன் காரணம் இதுதான். இமோஜிக்கோ எந்த மொழிப் பட்டியலிலும் இடமில்லை.

உள்ளடக்கம் ஏன் தப்பிக்கிறது என்றால், எச்டிஎம்எல் வடிவில் வரும் உள்ளடக்கத்தைப் பழைய கோப்பும் எழுத்தாகப் பார்க்காமல் பைட்டுகளின் மூட்டையாக அப்படியே வைத்துக்கொள்கிறது. எந்தக் குறியேற்றம் என்ற குறிப்பையும் பக்கத்தில் வைக்கிறது. தலைப்புக்கு அந்தச் சலுகை இல்லை.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். "என்னிடம் இருப்பது புதிய அவுட்லுக்தானே" என்பார்கள். மென்பொருள் புதிதாக இருக்கலாம். ஆனால் கணினி மாற்றும்போதெல்லாம் பழைய `.pst` கோப்பை நகலெடுத்து, புதிய அவுட்லுக்கில் திறந்து, அதிலேயே தொடர்ந்து மின்னஞ்சல் பெற்றுவந்தால், கோப்பின் வடிவம் மாறுவதே இல்லை. அவுட்லுக் அதைத் தானாக மாற்றுவதும் இல்லை. 2001இல் தொடங்கிய கோப்பு இன்றைக்கும் 2001இன் விதிப்படிதான் எழுதுகிறது. ஒருவகையில் நம்பிக்கையான கோப்புதான், ஆனால் காலம் அதைத் தாண்டிப் போய்விட்டது.

சரிபார்ப்பது எளிது. அவுட்லுக்கில் `File` என்பதை அழுத்தி, `Account Settings` வழியாக மீண்டும் `Account Settings` சென்று, `Data Files` என்ற பக்கத்தைத் திறங்கள். உங்கள் கோப்பைத் தேர்ந்து `Settings` என்பதை அழுத்தினால் `Format` என்று ஒரு வரி இருக்கும். அதில் `97-2002` என்று எழுதியிருந்தால் அதுதான் பழைய வடிவம். இன்னொரு அடையாளம், இந்தப் பழைய கோப்பு 2 ஜிகாபைட்டுக்கு மேல் வளராது. அந்த எல்லையைத் தொட்டுவிட்டுத் திணறும் கோப்பு என்றால், கேள்விக்குறித் தொல்லைக்கும் அதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம்.

தொலைந்த தலைப்பை மீட்க ஒரு வழி

கேள்விக்குறி என்பது இழப்பு என்று மேலே சொன்னேன். அது தலைப்புக்கான இடத்தைப் பொறுத்தவரை உண்மை. ஆனால் அவுட்லுக் வெளியிலிருந்து வரும் மின்னஞ்சல் ஒவ்வொன்றுக்கும் இன்னொரு பிரதியை வேறோர் இடத்தில் வைத்திருக்கிறது. மின்னஞ்சல் எந்தெந்த வழங்கி வழியாக வந்தது என்ற விவரத்தோடு கூடிய முழுத் தலைப்பகுதி அது. அதில் தலைப்பு இன்னும் அவிழ்க்கப்படாத பொட்டலமாகவே கிடக்கிறது. பொட்டலம் முழுக்க ஆஸ்கி எழுத்துகள் என்பதால், பழைய எழுத்துப் பட்டியலால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. 1996இல் எழுதப்பட்ட அந்த மாற்று வழி, எதிர்பாராத விதத்தில் நம் விளக்கைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

அந்த மின்னஞ்சலை இருமுறை சொடுக்கித் தனிச் சாளரத்தில் திறந்து, `File`, பிறகு `Properties` என்று சென்றால், கீழே `Internet headers` என்ற பெட்டி இருக்கும். அவுட்லுக் 2003 என்றால் `View` பட்டியலில் உள்ள `Options`. அதில் `Subject:` என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். இரண்டில் ஒன்றைக் காண்பீர்கள்.

முதலாவது, `=?UTF-8?B?` என்று தொடங்கும் பொட்டலம். அப்படியென்றால் அனுப்பியவர் சரியாக அனுப்பியிருக்கிறார், பழுது உங்கள் பக்கம். பைத்தான் உள்ள கணினியில் கீழ்க்கண்ட கட்டளை பொட்டலத்தை அவிழ்த்துத் தரும். மேற்கோளுக்குள் உங்கள் பொட்டலத்தை ஒட்டிக்கொள்ளுங்கள்.

```
from email.header import decode_header, make_header
s = '=?UTF-8?B?8J+qlCDgrqTgr4Dgrqrgrr7grrXgrrPgrr8=?='
print(make_header(decode_header(s)))
```

விடை "🪔 தீபாவளி" என்று வரும். பைத்தான் பழக்கமில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். அந்த மின்னஞ்சல் வேறு யாருடைய அஞ்சல்பெட்டியிலாவது இருந்தால், தலைப்பை அவர்களிடமிருந்து நகலெடுப்பதே விரைவான வழி.

இரண்டாவது, `Subject:` வரியிலேயே வெறும் `?? ???????` இருக்கும். அப்படியென்றால் உங்கள் கணினி குற்றமற்றது. கேள்விக்குறியாகவே அது உங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறது. எழுத்துகள் அனுப்பியவரிடமோ அவர் பயன்படுத்திய அமைப்பிடமோ தொலைந்தன. உங்கள் பக்கத்தில் எதை மாற்றினாலும் பயனில்லை.

அனுப்பிய மின்னஞ்சல்களுக்கு மட்டும் இந்த மீட்பு வழி இல்லை. `Sent Items` அடைவில் உள்ளவை இணையத்தில் பயணம் செய்து திரும்பியவை அல்ல என்பதால், அவற்றுக்கு `Internet headers` பெட்டி காலியாக இருக்கும்.

பதில் எழுதும்போது பரவும் தொற்று

பொருளாளரின் திரையில் மட்டும் கேள்விக்குறி என்றால், பொறுத்துக்கொண்டு போகலாம் என்று தோன்றும். ஆனால் அவர் அந்த மின்னஞ்சலுக்கு "நான் வருகிறேன்" என்று எல்லாருக்கும் பதில் அனுப்பும்போது, அவுட்லுக் தன்னிடம் உள்ள தலைப்பை எடுத்து முன்னால் `RE:` சேர்த்து அனுப்புகிறது. அவரிடம் இருப்பது கேள்விக்குறிதானே? எனவே எல்லாருடைய கைப்பேசியிலும் இப்போது `RE: ?? ???????` என்று ஒரு மின்னஞ்சல் வந்து விழுகிறது. அதற்கு வரும் அடுத்த பதிலும் அப்படியே. இந்தப் பதில்களில் பொட்டலமே இல்லை, மீட்க எதுவும் மிச்சமில்லை. செயலாளர் பின்னர் "தீபாவளி" என்று தலைப்பில் தேடினால் முதல் அழைப்பு மட்டும் கிடைக்கும், வருகையை உறுதிசெய்த பதில்கள் கிடைக்கா. தலைப்பைப் பார்த்துத் தனி அடைவுக்கு அனுப்பும் விதி வைத்திருந்தால் அதுவும் ஏமாறும். உணவுக்கு எத்தனை பேர் என்று எண்ணும் நேரத்தில் இது சிறிய விஷயமன்று.

தற்காலிகமாக ஒன்று செய்யலாம். பதிலை அனுப்பும் முன் தலைப்பில் உள்ள கேள்விக்குறிகளை அழித்துவிட்டு, Deepavali என்று ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யலாம். பழைய கோப்பில் இருந்துகொண்டு தமிழில் திருத்தினால் அதுவும் கேள்விக்குறியாகிவிடும்.

நிலையான தீர்வு

பழைய கோப்பின் வடிவத்தை அப்படியே மாற்ற இயலாது. புதிய கோப்பு ஒன்றை உருவாக்கி, உள்ளே இருப்பதை அதற்குக் குடிபெயர்க்க வேண்டும். தொடங்கும் முன் அவுட்லுக்கை மூடிவிட்டுப் பழைய `.pst` கோப்பின் நகல் ஒன்றை வெளி வன்தட்டில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். பிறகு `New Items`, `More Items`, `Outlook Data File` என்று சென்று புதிய கோப்பை உருவாக்குங்கள். வகை கேட்டால் `97-2002` என்ற எண் இல்லாததைத் தேர்ந்தெடுங்கள். `Data Files` பக்கத்தில் அதைத் தேர்ந்து `Set as Default` கொடுங்கள். பாப்3 கணக்கு என்றால் இது போதாது. பக்கத்தில் உள்ள `Email` பக்கத்துக்குப் போய் `Change Folder` வழியாகப் புதிய மின்னஞ்சல்கள் புதிய கோப்புக்கு வரும்படி சொல்ல வேண்டும். இதை மறப்பவர்கள்தான் "எல்லாம் செய்தேன், இன்னும் கேள்விக்குறி வருகிறது" என்பவர்கள். பின்னர் அவுட்லுக்கை மூடித் திறந்து, `File`, `Open & Export`, `Import/Export` வழியாகப் பழைய கோப்பில் உள்ளதைக் கொண்டுவாருங்கள்.

சோதனைக்கு, விளக்கும் ஒரு தமிழ்ச் சொல்லும் உள்ள தலைப்போடு கைப்பேசியிலிருந்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எழுத்துகள் எழுத்துகளாகவும் விளக்கு விளக்காகவோ கட்டமாகவோ தெரிந்தால் வேலை முடிந்தது. கட்டம் என்றால் அது எழுத்துருப் பிரச்சினை, தரவு பத்திரம்.

குடிபெயர்ந்த பழைய மின்னஞ்சல்களின் தலைப்புகள் கேள்விக்குறியாகவே தொடரும். அவை கேள்விக்குறியாகத்தான் எழுதப்பட்டிருந்தன. முக்கியமானவற்றை மட்டும், மேலே சொன்னபடி பொட்டலத்தை அவிழ்த்து, மின்னஞ்சலைத் திறந்து தலைப்பைத் திருத்திச் சேமிக்கலாம். எல்லாவற்றையும் திருத்த முயல வேண்டியதில்லை, ஆண்டுக் கூட்ட அறிக்கை, கணக்கு, அனுமதிக் கடிதம் போன்றவை போதும். மின்னஞ்சல்கள் இன்னும் வழங்கியில் இருந்தால் அதைவிட நல்லது. புதிய கோப்புக்கு மீண்டும் பதிவிறக்கினால் தலைப்புகள் தாமே சரியாக வந்துவிடும். மீட்பு வேலை முடியும்வரை பழைய கோப்பை அழித்துவிடாதீர்கள்.

பழுது அனுப்பும் பக்கம் என்றால்

அனுப்புபவரும் பழைய வடிவக் கோப்பில் இருந்தால், அவர் விளக்கு வைத்து எழுதுவது புறப்படும் முன்பே கேள்விக்குறியாகிவிடும். தீர்வு அதேதான். கோப்பு புதிதாக இருந்தும் சிக்கல் என்றால், `File`, `Options`, `Advanced` என்று சென்று `International options` பகுதியில் வெளிச்செல்லும் மின்னஞ்சலுக்கு `Unicode (UTF-8)` தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

உறுப்பினர் அனைவருக்கும் மொத்தமாக அனுப்பும் அமைப்புகளில் வேறொரு பழுது வரும். தமிழ் சரியாக இருக்கும், விளக்கு மட்டும் கேள்விக்குறியாகும். யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறிக்கு மூன்று பைட்டு, விளக்குக்கு நான்கு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் `utf8` என்ற பெயரில் பழைய நாளில் அமைத்த அட்டவணை மூன்று பைட்டுக்கு மேல் ஏற்காது. நான்கு பைட்டு ஏற்கும் `utf8mb4` 2010இல் வந்தது. அந்த அமைப்பில் ✅ தப்பித்து 🪔 மாட்டிக்கொண்டால் ஐயமே வேண்டாம், ✅ மூன்று பைட்டுச் சின்னம். அமைப்பைப் பராமரிப்பவரிடம் இந்த ஒரு தகவலைச் சொன்னாலே அவருக்குப் புரியும்.

கடைசியாக, நீளமான தமிழ்த் தலைப்புகளில் மட்டும் வரும் ஒன்று. `�` என்று கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். இது சாதாரணக் கேள்விக்குறியன்று. ஒரு பொட்டலம் 75 எழுத்துகளைத் தாண்டக்கூடாது என்பது விதி. முடிச்சுகளுக்கு 12 போக, பேஸ்64 கணக்கில் 45 பைட்டுச் சரக்கே ஒரு பொட்டலத்தில் கொள்ளும். அதற்கு மேல் போனால் அடுத்த பொட்டலம். "தீபாவளி விருந்து அழைப்பு" என்ற தலைப்பில் முதல் சொல்லுக்கு 21 பைட்டு, இடைவெளிக்கு ஒன்று, "விருந்து" என்பதில் எட்டுக் குறிகளுக்கு 24. மொத்தம் 46. கவனமற்ற மென்பொருள் 45இல் கண்ணை மூடிக்கொண்டு வெட்டினால், கத்தி "து" என்பதன் உகரக் குறிக்கு நடுவில் விழுகிறது. திரையில் "விருந்த" என்று வந்து, உகரம் இருக்க வேண்டிய இடத்தில் வைரங்கள் நிற்கும். ஒரு குறியை இரண்டு பொட்டலங்களுக்குப் பிரிக்கக்கூடாது என்று ஆர்எஃப்சி 2047 தெளிவாகவே சொல்கிறது. எல்லா மென்பொருளும் கேட்பதில்லை. அத்தகைய அமைப்பைக் கட்டிக்கொண்டு வேலை செய்பவர்கள், அதை மாற்றும்வரை, தமிழ்த் தலைப்பை ஒரே பொட்டலத்துக்குள் அடங்கும்படி 15 குறிகளுக்குள் சுருக்கிக்கொள்ளலாம். விளக்கும் இடைவெளியும் "தீபாவளி"யும் சேர்ந்து 26 பைட்டுதான்.